வாடிக்கையாளர் சர்வருக்கு வெப்ஹுக் அனுப்புதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

## பணம் வந்ததும் அதே கோடிலிருந்து வாடிக்கையாளரின் யூஆர்எல்லுக்கு ஒரு POST அடித்துவிட்டால் போதாதா?

போதாது. முதல் வாரம் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் இரண்டு விதமாகக் கெடும்.

எங்கள் குழு எழுதுவது பில்லிங் மென்பொருள். ஓர் இன்வாய்ஸுக்குப் பணம் வந்தால் `invoice.paid` என்ற செய்தி வாடிக்கையாளரின் ஈஆர்பிக்குப் போய்ச் சேர வேண்டும். டேட்டாபேஸில் ‘பணம் வந்தது’ என்று எழுதி கமிட் ஆகிவிட்டது, POST அடிப்பதற்குள் நம் புராசஸ் நின்றுபோனது என்று வையுங்கள். டெப்ளாய் நடக்கும் நேரத்தில் இது சாதாரணமாக நடக்கும். அந்தச் செய்தி போகவே போகாது. போகவில்லை என்பதற்குத் தடயமும் இருக்காது. சரி, கமிட்டுக்கு முன்பே அடித்துவிடலாம் என்றால், POST போன பிறகு டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆகலாம். நம்மிடம் இல்லாத வரவு வாடிக்கையாளர் கணக்கில் ஏறியிருக்கும். முதல் தவறைவிட இது மோசம்.

அதனால் பணம் வந்ததைப் பதிவு செய்யும் அதே டிரான்சாக்ஷனுக்குள் ‘இந்தச் செய்தியை இந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்’ என்று ஒரு வரியையும் எழுதிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே நிற்கும், அல்லது சேர்ந்தே விழும். அனுப்பும் வேலையைத் தனி ஒர்க்கர் பார்த்துக்கொள்ளும். நாங்கள் மூன்று டேபிள் வைத்திருக்கிறோம்: நடந்த நிகழ்வுக்கு ஒன்று, அந்த நிகழ்வை எந்தெந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு ஒன்று, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்று. மூன்றாவதுதான் டெலிவரி லாக். அதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் புகார் வரும் நாளில்தான் அதன் அருமை தெரியும். அன்றைக்கு எழுத ஆரம்பித்தால் நேற்று நடந்தது அதில் இருக்காது.

போஸ்ட்கிரெஸ் வைத்திருந்தால் இதற்கென்று தனி க்யூ மென்பொருள் ஆரம்பத்தில் தேவையில்லை. ஒர்க்கர் வேலையை எடுப்பது இவ்வளவுதான்:

```sql
UPDATE webhook_delivery
SET next_attempt_at = now() + interval '2 minutes'
WHERE id IN (
  SELECT id FROM webhook_delivery
  WHERE status = 'pending' AND next_attempt_at <= now()
  ORDER BY next_attempt_at
  LIMIT 10
  FOR UPDATE SKIP LOCKED)
RETURNING id, endpoint_id, event_id;
```

`SKIP LOCKED` இருப்பதால் ஒரு ஒர்க்கர் பிடித்த வரியை இன்னொன்று தொடாமல் அடுத்ததற்குப் போய்விடும். எடுக்கும்போதே அடுத்த முயற்சி நேரத்தை 2 நிமிடம் தள்ளி வைப்பதைக் கவனியுங்கள். ஒர்க்கர் நடுவில் செத்தால் 2 நிமிடம் கழித்து அந்த வரி தானாக வேறொருவர் கைக்குப் போகும். ஒரு முயற்சிக்கு அதிகபட்சம் 10 விநாடி என்றால் 10 வரிக்கு 100 விநாடி. 2 நிமிடத்துக்குள் அடங்குகிறது. `LIMIT`-ஐ 50 ஆக்கினால் அந்த 2 நிமிடத்தையும் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் முதல் ஒர்க்கர் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஒர்க்கர் அதே செய்தியை அனுப்ப ஆரம்பிக்கும்.

## ஒரே செய்தி இரண்டு தடவை போகவே போகாது என்று உறுதி கொடுக்க முடியுமா?

முடியாது. விற்பனைப் பிரிவு எவ்வளவு கேட்டாலும் இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். நாம் அனுப்பியது போய்ச் சேர்ந்து, அவர்கள் பதிவும் செய்து, அவர்களின் ‘சரி’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தால், நம் பக்கத்தில் அது தோல்வியாகத்தான் தெரியும். ‘கிடைக்கவே இல்லை’ என்பதையும் ‘கிடைத்தது, பதில் வரவில்லை’ என்பதையும் அனுப்புகிறவரால் பிரித்துப் பார்க்க முடியாது. மறுபடி அனுப்பினால் இரட்டிப்பாகலாம், அனுப்பாவிட்டால் தொலையலாம். பணம் சம்பந்தப்பட்ட செய்தியில் இரட்டிப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பெறுகிறவரால் கண்டுபிடித்து ஒதுக்க முடியும். தொலைந்ததை அவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மொத்த வியாபாரியின் கணக்காளர் போன் செய்து, “48,500 ரூபாய் ரசீது ஐந்து தடவை ஏறியிருக்கிறது, கணக்கில் 2,42,500 நிற்கிறது” என்றார். நாங்கள் லாகைத் திறந்து பார்த்தபோது இருந்தது இதுதான்:

```
invoice.paid   evt_7Q2M   ep_41
#1  11:02:00  timeout  10003 ms
#2  11:02:41  timeout  10002 ms
#3  11:04:20  timeout  10004 ms
#4  11:09:05  timeout  10002 ms
#5  11:22:31  200       8914 ms
```

நான்கு டைம்அவுட்டும் 10 விநாடியை ஒட்டியே நிற்கின்றன. ஐந்தாவது வெற்றி, ஆனால் அதுவும் கிட்டத்தட்ட 9 விநாடி. சர்வர் விழுந்திருந்தால் இப்படி இருக்காது. அவர்கள் வேலையைச் செய்து முடிக்கத்தான் அவ்வளவு நேரம் எடுத்திருக்கிறார்கள். விசாரித்ததில், வெப்ஹுக் வந்ததும் ஈஆர்பியில் ரசீது போட்டு, பிடிஎஃப் உருவாக்கி, மின்னஞ்சல் அனுப்பி முடித்த பிறகுதான் 200 கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் 10 விநாடியில் இணைப்பைத் துண்டித்துவிட்டோம். அவர்கள் பக்கம் வேலை நிற்காமல் தொடர்ந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு ரசீது போட்டது.

டைம்அவுட்டை 30 விநாடி ஆக்குவது தீர்வாகாது, நாளை 31 விநாடி ஆகும். பெறுகிற பக்கம் இரண்டு மாற்றம் செய்தது. வந்த செய்தியை அப்படியே ஒரு டேபிளில் போட்டுவிட்டு உடனே 202 கொடுத்தார்கள். ரசீது வேலையைப் பின்னால் வைத்தார்கள். அந்த டேபிளில் நிகழ்வு எண்ணுக்கு யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டார்கள். `evt_7Q2M` இரண்டாவது தடவை வந்தால் மறுபடியும் 2xx கொடுக்க வேண்டும், ஆனால் வேலை எதுவும் செய்யக் கூடாது. சிலர் இரட்டிப்பு வந்தால் 409 கொடுக்கிறார்கள். அனுப்புகிறவர் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு இன்னும் பல தடவை அனுப்புவார்.

உங்கள் ஆவணத்தில் இதை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்: ஒரே எண் பல தடவை வரலாம், அந்த எண்ணைச் சேமித்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்று.

## எந்தப் பதில் வந்தால் வெற்றி? 404 வந்தாலும் ரீட்ரை செய்ய வேண்டுமா?

200 முதல் 299 வரை வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி. உள்ளே வரும் பதிலின் உரையைப் படித்து முடிவெடுக்காதீர்கள். ‘Success: false’ என்று எழுதி 200 அனுப்புகிறவர்களுக்கு அது தவறு என்று சொல்லிவிடுங்கள்.

404, 401 இரண்டுக்கும் நாங்கள் ரீட்ரை செய்கிறோம். ‘அனுப்புகிறவர் பக்கத் தவறு, திரும்ப அனுப்பிப் பயனில்லை’ என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் 404 என்பது பெரும்பாலும் யாரோ டெப்ளாய் செய்தபோது ரூட் விட்டுப்போனது. 401 என்பது ரகசியச் சாவியை ஒரு பக்கம் மட்டும் மாற்றியது. இரண்டும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும். விதிவிலக்கு 410 மட்டும். ‘இது இனி இல்லை’ என்று எதிர்ப்பக்கம் தெளிவாகச் சொல்வதால் அந்த முகவரியையே நிறுத்திவிட்டு வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கிறோம்.

429 அல்லது 503 வந்து கூடவே `Retry-After` ஹெடரும் இருந்தால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். அது விநாடிக் கணக்காகவும் வரலாம், தேதியாகவும் வரலாம். இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் கணக்கில் வரும் இடைவெளி, அவர்கள் சொன்னது, இரண்டில் எது பெரிதோ அதை எடுங்கள். ஆனால் ஒரு நாளுக்கு மேல் சொன்னால் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

301, 302 வந்தால் பின்தொடர்ந்து போகாதீர்கள். பல லைப்ரரிகள் ரீடைரக்டில் POST-ஐ GET ஆக மாற்றிவிடும். புது இடத்தில் ஏதோ ஒரு பக்கம் 200 கொடுக்கும், லாகில் பச்சை விளக்கு எரியும், செய்தி யாருக்கும் கிடைத்திருக்காது. தோல்வி என்று பதிந்து, எந்த முகவரிக்குத் திருப்பினார்கள் என்பதையும் லாகில் காட்டினால் வாடிக்கையாளரே யூஆர்எல்லைத் திருத்திக்கொள்வார்.

சான்றிதழ் காலாவதியானாலும் தோல்விதான். “கொஞ்ச நாளைக்கு அந்தச் சோதனையை மட்டும் அணைத்து வையுங்கள்” என்று கேட்பார்கள். அணைக்காதீர்கள். அணைத்த பிறகு மறுபடி போடச் சொல்லி யாரும் நினைவூட்டுவதில்லை, அந்த வழியில் போவது அவர்களின் பணக் கணக்கு.

## எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளி விட்டு முயற்சிக்க வேண்டும்?

இதைக் காலண்டரை வைத்து முடிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கெட்டுப்போன சர்வரைத் திங்கள் காலையில்தான் ஒருவர் வந்து பார்ப்பார். அந்தக் காலத்தைத் தாண்டி நிற்க வேண்டும். மற்றவர்கள் வெவ்வேறு முடிவு எடுத்திருக்கிறார்கள். ஸ்ட்ரைப் மூன்று நாள் வரை ரீட்ரை செய்கிறது. கிட்ஹப் தோல்வியடைந்ததைத் தானாக மறுபடி அனுப்புவதே இல்லை. வேண்டுமென்றால் நாம்தான் திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டும். பணச் செய்திக்கு முதல் வழிதான் பொருந்தும்.

எங்கள் இடைவெளி 30 விநாடியில் தொடங்கி ஒவ்வொரு தடவையும் மூன்று மடங்காகிறது, 12 மணி நேரத்தோடு நின்றுவிடும். அப்படி வரும் இடைவெளியை 20 விழுக்காடு வரை முன்பின் நகர்த்துகிறோம்:

```python
def next_delay(attempt):
    base = min(30 * 3 ** (attempt - 1), 12 * 3600)
    return base * random.uniform(0.8, 1.2)
```

மொத்தம் 13 முயற்சி. வெள்ளி மாலை 6:10-க்கு ஒரு செய்தி, அதே நேரம் வாடிக்கையாளரின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 விழுக்காடு முன்பின்னை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால், முதல் ஒரு மணி நேரத்தில் ஆறு முயற்சி நடந்து முடிந்துவிடும். ஆறாவது 7:10-ஐ ஒட்டி வரும். டெப்ளாய், ரீஸ்டார்ட் போன்ற சின்னக் கோளாறுகள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். ஏழாவது இரவு 9:12. எட்டாவது சனி அதிகாலை 3:16. அதற்குப் பிறகு 12 மணிக்கு ஒரு தடவை: சனி மாலை 3:16, ஞாயிறு இரண்டு தடவை, திங்கள் அதிகாலை 3:16. கடைசியாகப் பதின்மூன்றாவது திங்கள் மாலை 3:16. முதல் முயற்சியிலிருந்து 69 மணி நேரம்.

இப்போது குறை தெரிகிறதா? திங்கள் காலை 9:30-க்குச் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டார்கள். நம் செய்தியோ மாலை 3:16 வரை தூங்கும். இடைவெளியைக் குறைத்தால் இதற்கு விடை கிடைக்காது. புதிதாக வரும் செய்திகளின் முதல் முயற்சியை நாங்கள் எப்போதும் தடுப்பதில்லை. அதனால் 9:34-க்கு அடுத்த இன்வாய்ஸுக்குப் பணம் வந்து அது வெற்றியாகப் போய்விட்டால், முகவரி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். உடனே தூங்கிக்கொண்டிருப்பதை எல்லாம் எழுப்புகிறோம்:

```sql
UPDATE webhook_delivery
SET next_attempt_at = now() + random() * interval '10 minutes'
WHERE endpoint_id = 41 AND status = 'pending'
  AND next_attempt_at > now() + interval '10 minutes';
```

எல்லாவற்றையும் `now()` என்று போடாமல் 10 நிமிடத்துக்குள் பரப்பியிருப்பதைப் பாருங்கள். இரண்டரை நாள் தேங்கியது ஒரே நொடியில் போனால், இப்போதுதான் எழுந்த சர்வர் மறுபடி படுத்துவிடும். கடைசி நிபந்தனை இரண்டு வேலை செய்கிறது: சீக்கிரமே போகப்போவதைப் பின்னுக்குத் தள்ளாமல் பார்த்துக்கொள்கிறது, இப்போது ஒர்க்கர் கையில் இருக்கும் வரிகளையும் தொடாமல் விடுகிறது.

## அந்த 20 விழுக்காடு முன்பின் எதற்கு?

ஒரே நேரத்தில் தோற்றவை ஒரே நேரத்தில் திரும்பாமல் இருப்பதற்கு. மாதக் கடைசியில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே நிமிடத்தில் 400 செய்தி போய், எல்லாம் 503 வாங்கினால், ஜிட்டர் எனப்படும் இந்த முன்பின் இல்லாதபோது அந்த 400-ம் சரியாக 30 விநாடி கழித்துச் சேர்ந்தே போய் நிற்கும், மறுபடி 90 விநாடி கழித்தும் அப்படியே. சிரமப்படுகிற சர்வருக்குச் சீராக ஒரு கூட்டத்தை அனுப்பிக்கொண்டே இருப்போம். இதை லாகில் எளிதாகப் பார்க்கலாம். தோல்விகள் பரவலாக இல்லாமல் கொத்துக் கொத்தாக, சம இடைவெளியில் நிற்கும்.

## ஒரு வாடிக்கையாளரின் சர்வர் மெதுவானால் மற்ற எல்லாருக்கும் தாமதமாகிறது. எங்கே தவறு?

எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பதுதான் தவறு. ஒர்க்கர்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் 20 அழைப்பு செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் பெரிய இறக்குமதி ஒன்று ஓட்டி 3,000 செய்தி உருவாகிறது, அவர் சர்வர் பதிலே தராமல் ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி இழுக்கிறது. 20 இடமும் அவருக்கே போய்விடும். விநாடிக்கு இரண்டுதான் நகரும். 3,000 நகர 25 நிமிடம். அவ்வளவு நேரமும், பதிலை 50 மில்லி விநாடியில் தருகிற மற்ற வாடிக்கையாளர்கள் பின்னால் காத்திருப்பார்கள்.

இது வெளியே தெரியும் விதம் ஏமாற்றக்கூடியது. சிபியு சும்மா இருக்கும், டேட்டாபேஸும் சும்மா இருக்கும், எரர் எதுவும் இருக்காது. தாமதம் மட்டும் ஏறும். அதனால் ‘அனுப்ப வேண்டிய நேரத்துக்கும் உண்மையில் அனுப்பிய நேரத்துக்கும் இடையே எவ்வளவு’ என்று ஓர் அளவை வைத்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சிக்கு அது சில விநாடிக்கு மேல் போனால் எச்சரிக்கை வர வேண்டும். எங்களிடம் இருக்கும் எல்லா அளவுகளிலும் நான் காலையில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தீர்வு, ஒரு முகவரிக்கு ஒரே நேரத்தில் இத்தனைக்கு மேல் இல்லை என்ற எல்லை. நாங்கள் மூன்று வைத்திருக்கிறோம். எல்லை நிரம்பியிருந்தால் வரியைச் சில விநாடி தள்ளித் திரும்ப வைத்துவிட வேண்டும். அதை ஒரு முயற்சியாக எண்ணக் கூடாது. எண்ணினால், நாம் ஒரு தடவைகூட அழைக்காமலேயே 13 முயற்சியும் தீர்ந்துபோகும்.

## ரீட்ரை செய்யும்போது பேலோடைப் புதிதாக உருவாக்க வேண்டுமா, பழையதையே அனுப்பலாமா?

பழையதையே, ஒரு பைட்கூட மாறாமல். நிகழ்வு நடந்தபோது இருந்த ஜேசானைச் சேமித்து வைத்து அதையே அனுப்புங்கள். நிகழ்வு எண்ணும் அதேதான்.

மாற வேண்டியது நேர முத்திரையும் கையெழுத்தும். ஸ்டாண்டர்ட் வெப்ஹுக்ஸ் என்ற பொது விவரக்குறிப்பு `webhook-id`, `webhook-timestamp`, `webhook-signature` என்று மூன்று ஹெடர் வைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். எண், நேரம், உடல் மூன்றையும் புள்ளியால் சேர்த்து, ரகசியச் சாவியைக் கொண்டு HMAC-SHA256 எடுப்பது. பெறுகிறவர் பொதுவாக 5 நிமிடத்துக்கு மேல் பழைய முத்திரையை நிராகரிப்பார். யாரோ பிடித்து வைத்த செய்தியைத் திரும்ப ஏவாமல் இருக்க அது தேவை. நீங்கள் நிகழ்வு உருவானபோதே கையெழுத்துப் போட்டுச் சேமித்துவிட்டால் என்ன ஆகும்? முதல் முயற்சிகள் போகும், 5 நிமிடம் தாண்டிய ரீட்ரை எல்லாம் 401 அல்லது 400 வாங்கும். லாகில் ‘முதலில் 503, 503, 503, அப்புறம் எல்லாம் 401’ என்று பார்த்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

## செய்திகள் நடந்த வரிசையிலேயே போய்ச் சேருமா?

சேராது. `invoice.created` ரீட்ரையில் நிற்கும்போது `invoice.paid` முதல் முயற்சியிலேயே போய்விடும். வரிசையைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒன்று தோற்றதும் அதன் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஒரே ஒரு கெட்ட செய்தி மூன்று நாள் எல்லாவற்றையும் பிடித்து வைத்துவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு பதிப்பு எண்ணைப் பேலோடில் வையுங்கள். தன்னிடம் 4 இருக்கும்போது 3 வந்தால் பெறுகிறவர் விட்டுவிடலாம். இல்லையென்றால், செய்தி வந்ததும் நம் ஏபிஐயைக் கேட்டு இப்போதைய நிலையை எடுத்துக்கொள்ளட்டும்.

## டெலிவரி லாகில் என்னென்ன இருக்க வேண்டும்? யாருக்குக் காட்ட வேண்டும்?

வாடிக்கையாளருக்கே காட்டுங்கள். நம் ஆட்கள் மட்டும் பார்க்கிற லாக் பாதி வேலைதான் செய்யும். “வெப்ஹுக் வரவில்லை” என்று அவர் டிக்கெட் போட்டு, நாம் தேடி, திரும்பச் சொல்வதற்குள் ஒரு நாள் போய்விடும். அவரே திரையைத் திறந்து ‘நேற்று மாலை 6:10-லிருந்து certificate has expired’ என்று பார்த்தால் டிக்கெட்டே வராது.

ஒவ்வொரு முயற்சியும் தனியாகப் பதிவாக வேண்டும். பழைய வரியைத் திருத்தவே கூடாது. தொடங்கிய நேரம், எடுத்த மில்லி விநாடி, அப்போது எந்த யூஆர்எல்லுக்குப் போனது, ஸ்டேட்டஸ் எண், பதில் உடலின் முதல் சில நூறு எழுத்து, அடுத்த முயற்சி எப்போது. யூஆர்எல்லை ஏன் ஒவ்வொரு வரியிலும் சேமிக்க வேண்டும் என்று கேட்கலாம். வாடிக்கையாளர் நடுவில் முகவரியை மாற்றியிருப்பார். பழைய தோல்விகள் புது முகவரியில் நடந்தது போலக் காட்டினால் அவர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

ஸ்டேட்டஸ் எண் கிடைக்காத தோல்விகளை ‘failed’ என்று ஒரே சொல்லில் அடக்காதீர்கள். பெயர் கண்டறிய முடியவில்லை, இணைப்பு மறுக்கப்பட்டது, சான்றிதழ் பிரச்சினை, இணைப்பு கிடைத்தது ஆனால் பதில் வரவில்லை – இந்த நான்கும் நான்கு வெவ்வேறு ஆட்கள் சரிசெய்ய வேண்டியவை. டிஎன்எஸ் பார்ப்பவர் ஒருவர், ஃபயர்வால் பார்ப்பவர் இன்னொருவர். நான்காவதை அவர்களின் புரோகிராமர் பார்க்க வேண்டும்; 48,500 ரூபாய்க் கதையைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்ததும் இந்தப் பிரிவினையால்தான்.

அனுப்பிய பேலோடில் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் பெயர், போன் எண் எல்லாம் இருக்கும். அதை முயற்சிக்கு முயற்சி நகல் எடுக்காமல் நிகழ்வு டேபிளில் ஒரே இடத்தில் வையுங்கள். 30 நாள் கழித்து உடலை அழித்துவிட்டு எண், நேரம், ஸ்டேட்டஸ் ஆகியவற்றை மட்டும் நீண்ட நாள் வைத்திருக்கலாம். கையெழுத்து ஹெடரையும் ரகசியச் சாவியையும் திரையில் காட்ட வேண்டாம்.

## வாடிக்கையாளர் எந்த யூஆர்எல் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளலாமா?

கூடாது. அவர் கொடுக்கிற முகவரிக்கு நம் நெட்வொர்க்குக்குள்ளிருந்து அழைப்பு போகிறது, பதிலை லாகில் வேறு காட்டுகிறோம். `http://169.254.169.254/` என்று கொடுத்தால் அது கிளவுட் சர்வரின் மெட்டாடேட்டா முகவரி. https மட்டும் அனுமதியுங்கள். `10.`, `127.`, `192.168.` போன்ற உள் முகவரிகளைத் தடுங்கள். பதிவு செய்யும்போது மட்டும் பார்த்தால் போதாது. பெயர் இன்று வெளி முகவரிக்கும் நாளை உள் முகவரிக்கும் போகலாம். ஒவ்வொரு தடவை இணைக்கும்போதும், உண்மையில் இணையப்போகும் ஐபியைச் சோதிக்க வேண்டும்.

## 13 முயற்சியும் தோற்றுவிட்டது. அப்புறம்?

செய்தியை அழிக்காதீர்கள். அதன் நிலையை ‘failed’ என்று மாற்றி அப்படியே வையுங்கள். முகவரியைத் தானாக நிறுத்துவதில் அவசரம் வேண்டாம்: மூன்று நாளில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றால் மட்டும் நிறுத்துங்கள். ஒரு செய்தி மட்டும் தோற்று மற்றவை போய்க்கொண்டிருந்தால், அந்தச் செய்தியில் உள்ள ஏதோ ஒன்று அவர்களின் கோடை உடைக்கிறது என்று பொருள். பெயரில் உள்ள ஒரு தமிழ் எழுத்தால் எதிர்ப்பக்கம் 500 கொடுத்ததைப் பார்த்திருக்கிறோம்.

மூன்றாம் நாள்தான் முதல் மின்னஞ்சல் என்று வைக்காதீர்கள். நாங்கள் தொடர்ந்து ஒரு மணி நேரம் தோற்றதும் ஒன்று அனுப்புகிறோம், 24 மணி நேரத்தில் இன்னொன்று, நிறுத்தும்போது கடைசி. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு மின்னஞ்சல் போனால் அது ஸ்பாமுக்குத்தான் போகும். முகவரிக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள்.

சரிசெய்த பிறகு அவர் திரையிலிருந்தே ‘மறுபடி அனுப்பு’ என்று அழுத்த முடிய வேண்டும். ஒன்றை மட்டுமல்ல, ‘வெள்ளி 6 மணி முதல் இன்றுவரை தோற்றது எல்லாம்’ என்றும். அதே நிகழ்வு எண்ணோடுதான் போக வேண்டும். புது எண் கொடுத்தால், ஏற்கெனவே பதிவாகியிருந்தவை எல்லாம் இரண்டாவது தடவை ஏறிவிடும். கூடவே ஓர் ஏபிஐயும் கொடுங்கள்: இந்தத் தேதியிலிருந்து நடந்த நிகழ்வுகளின் பட்டியலைத் தருவது. கவனமான வாடிக்கையாளர்கள் இரவில் ஒரு தடவை அதை இழுத்துத் தங்களிடம் இருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

## இதையெல்லாம் வெளியிடும் முன் எப்படிச் சோதிப்பது?

503 கொடுக்கும் போலி சர்வர் மட்டும் போதாது, அது எளிமையான தோல்வி. சோதனை இயந்திரத்தில் `nc -lk 9000` என்று ஓட்டி அந்தப் போர்ட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். இணைப்பை ஏற்றுக்கொள்ளும், பதில் பேசாது. 10 விநாடியில் உங்கள் ஒர்க்கர் விடுபடுகிறதா என்று தெரியும்.

அடுத்தது இன்னும் கொஞ்சம் கடினம். 5 விநாடிக்கு ஒரு பைட் மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும் சின்ன சர்வர் ஒன்று எழுதுங்கள். பைத்தானின் `requests` போன்றவற்றில் `timeout=10` என்பது ஒவ்வொரு வாசிப்புக்கும் தனித்தனியாக எண்ணப்படுவது. மொத்த அழைப்புக்கான எல்லை அல்ல. 5 விநாடிக்கு ஒரு பைட் வந்துகொண்டே இருந்தால் அந்த டைம்அவுட் ஒருபோதும் அடிக்காது, ஒர்க்கர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும், 2 நிமிடத்தில் இன்னொரு ஒர்க்கர் அதே வரியை எடுத்து அதுவும் மாட்டும். மொத்த அழைப்புக்கும் சேர்த்து ஒரு கெடு தனியாக வைத்தே ஆக வேண்டும்; பதிலில் எவ்வளவு வாசிப்போம் என்பதற்கும் ஓர் எல்லை.

கடைசியாக, ஒர்க்கர் ஒரு செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அதை `kill -9` செய்யுங்கள். 2 நிமிடம் கழித்து அதே நிகழ்வு எண்ணோடு அந்தச் செய்தி மறுபடி போகிறதா, லாகில் பாதியில் நின்ற முயற்சிக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லையென்றால், முயற்சி முடிந்த பிறகுதான் லாகில் எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது. அழைப்பதற்கு முன்பே ‘தொடங்கியது’ என்று எழுதிவிட்டு, பதில் வந்ததும் முடிவை அதன்கீழ்ப் புது வரியாகச் சேருங்கள்.